பிரெட்போர்டில் ஓடிய பம்பு, பிசிபியில் விக்கியது ஏன்?

சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் என் மாமா செம்பனை நாற்றுப் பண்ணையைப் பார்த்துக்கொள்கிறார். நிழல் வலைக்குக் கீழே சின்ன பாலிபேக்குகளில் வரிசையாகக் கன்றுகள். மண் காய்ந்தால் தானாகத் தண்ணீர் விடும் ஒரு கருவியை அவருக்காகச் செய்தேன். மண்ணின் ஈரத்தைப் பார்க்க ஒரு கெப்பாசிட்டிவ் சென்சார், ஓர் ஆர்டுயினோ நானோ, 12 வோல்ட் பேட்டரி, அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு பக் மாட்யூல், 1.5 ஆம்பியர் இழுக்கும் சின்ன பம்பு. பம்பை ஆன், ஆஃப் செய்ய IRLZ44N மாஸ்ஃபெட். பிரெட்போர்டில் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஆனால் வெயிலிலும் மழையிலும் கம்பிகள் தளர்ந்துவிடும். அதனால் கம்பிகளுக்குப் பதில் செம்பு டிராக்குகள் உள்ள பிசிபியாக மாற்ற முடிவு செய்தேன்.

பிசிபி வரையும் கீகேட் மென்பொருளில் ஸ்கீமேட்டிக் வரைந்தேன். ஸ்கீமேட்டிக்கைச் சோதிக்கும் ERC சுத்தமாக வந்தது. டிராக் போட்டேன், போர்டைச் சோதிக்கும் DRC-யிலும் ஒரு பிழையும் இல்லை. கெர்பர் கோப்புகளையும் துளைக் கோப்பையும் அனுப்பி, ஐந்து போர்டுகள் கைக்கு வந்தன. சால்டர் செய்து பண்ணையில் மாட்டிய அன்று மாலையே மாமா போன் செய்தார். "தம்பி, பம்புக்கு விக்கல் எடுக்குதுப்பா. ஒரு செகண்டு ஓடுது, ஒரு செகண்டு நிக்குது."

நிரலில் முக்கியமான பகுதி இவ்வளவுதான். நொடிக்கு ஒரு முறை சென்சாரைப் படிக்கும். இந்த சென்சாரில் மண் காய்ந்தால் எண் கூடும், நனைந்தால் குறையும்.

```
if (m > 520) digitalWrite(PUMP, HIGH);
if (m < 490) digitalWrite(PUMP, LOW);
```

பம்பு தடுமாறக்கூடாது என்றுதான் இரண்டு எண்களுக்கும் நடுவே 30 இடைவெளி வைத்திருந்தேன். அப்படியும் தடுமாறியது. முதலில் சென்சாரைச் சந்தேகித்து மாற்றினேன், பயனில்லை. அப்புறம் பம்பைக் கழற்றிவிட்டு, அதே முனைகளில் ரெசிஸ்டரோடு ஓர் எல்இடியை மாட்டினேன். எண் 522-லேயே அசையாமல் நின்றது. மறுபடி பம்பை மாட்டினால் 473-க்கு விழுந்தது. மண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை, ஆனால் நானோ அதை ஈரம் என்று படிக்கிறது. அப்படியானால் கோளாறு நிரலில் இல்லை, சென்சாரிலும் இல்லை. பம்பு இழுக்கும் மின்னோட்டம்தான் எங்கோ கை வைக்கிறது.

பம்பை விடாமல் ஓட வைக்கும் ஒரு சின்ன நிரலை ஏற்றினேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை நானோவின் தரையான GND காலிலும், மற்றதைச் சென்சாரின் GND முனையிலும் வைத்தேன். ஸ்கீமேட்டிக்கின்படி இரண்டும் ஒரே புள்ளி, சுழியம்தான் வரவேண்டும். பம்பைக் கழற்றியிருந்தபோது சுழியம்தான். ஓடியபோது 0.25 வோல்ட் காட்டியது. விரலால் தொட்டால் அந்த டிராக் இளஞ்சூடாக வேறு இருந்தது.

போர்டைக் கையில் வைத்துக்கொண்டு மின்னோட்டம் போகும் வழியைப் பின்தொடர்ந்தபோதுதான் புரிந்தது. GND டிராக்கை ஒரு சங்கிலிபோல் இழுத்திருக்கிறேன். பேட்டரி முனை, அதற்கு அடுத்து சென்சார், அங்கிருந்து போர்டின் ஓரமாக 80 மி.மீ. போய் நானோவும் பக் மாட்யூலும், கடைசியில் மாஸ்ஃபெட். பம்பின் 1.5 ஆம்பியரும் பேட்டரிக்குத் திரும்ப அந்த 80 மி.மீ. டிராக் வழியாகத்தான் வரவேண்டும். அதன் அகலமோ 0.25 மி.மீ.

கணக்கு எளிதுதான். வழக்கமான 35 மைக்ரான் செம்பில், நீளமும் அகலமும் சமமான ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய அரை மில்லி ஓம் தடை. 80-ஐ 0.25-ஆல் வகுத்தால் 320 சதுரங்கள், அதாவது 0.16 ஓம். 1.5 ஆம்பியரால் பெருக்கினால் 0.24 வோல்ட். நானோவின் தரை, சென்சாரின் தரையைவிட அவ்வளவு உயர்ந்துவிடுகிறது. அதனால் சென்சார் தரும் வோல்ட்டேஜ் நானோவுக்கு அதே அளவு குறைவாகத் தெரியும். நானோவில் ஓர் எண் என்பது 4.9 மில்லிவோல்ட். 0.24 வோல்ட் என்றால் 49 எண்கள். என் இடைவெளி 30 மட்டுமே. பம்பு ஓடினால் எண் விழுந்து பம்பு நிற்கும், நின்றால் எண் ஏறி மறுபடி ஓடும்.

அப்படியானால் பிரெட்போர்டில் ஏன் வரவில்லை? பிரெட்போர்டின் ஓட்டைகள் பம்பு மின்னோட்டத்தைத் தாங்காது என்பதால், அன்று மாஸ்ஃபெட்டிலிருந்து தடித்த கம்பியை நேராகப் பேட்டரியின் மைனஸுக்கு இழுத்திருந்தேன். நானோவுக்கும் சென்சாருக்கும் தனியாக ஒரு மெல்லிய கம்பி. இரண்டும் பேட்டரியில்தான் சேர்ந்தன. ஸ்கீமேட்டிக் வரைந்தபோது எல்லாமே ஒரே GND குறியாகிவிட்டன, அந்தத் தடித்த கம்பி காணாமல் போனது. DRC இதைச் சொல்லாது. டிராக்குகள் முட்டுகின்றனவா, இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் அது பார்க்கும். எத்தனை ஆம்பியர் எந்த வழியில் போகிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் பிரெட்போர்டைப் பிரிக்கும் முன் அதைப் படம் எடுத்து, எந்தக் கம்பி எங்கே போய்ச் சேர்கிறது, எதில் அதிக மின்னோட்டம் என்று எழுதி வைத்துக்கொள்வது மிக முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

அன்றைக்கு அவசரத்துக்கு, போர்டின் பின்பக்கம் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலிலிருந்து பேட்டரி முனைக்கு ஒரு தடித்த கம்பியைச் சால்டர் செய்தேன். விக்கல் நின்றது. காரணம் அதுதான் என்பதும் உறுதியானது.

இரண்டாவது போர்டில் டிராக் போடும் முன்பே, பொருள்களை வைப்பதற்கு ஒரு மாலை முழுக்கச் செலவிட்டேன். பேட்டரி முனை, பம்பு முனை, மாஸ்ஃபெட், பம்புக்குக் குறுக்கே போடும் டையோடு எல்லாம் ஒரே மூலையில், ஒன்றையொன்று ஒட்டி. நானோவும் சென்சாரும் எதிர்ப்பக்கம். இப்படி வைத்தாலே பம்பு மின்னோட்டம் அந்த மூலையை விட்டு வெளியே வரத் தேவையில்லை. அந்த வழியை முதலில் 3 மி.மீ. அகலத்தில் போட்டேன். Board Setup-இல் Net Classes பகுதியில் பவர் இணைப்புகளுக்குத் தனி அகலம் கொடுத்துவிட்டால், தவறிப்போய் மெல்லிய டிராக் விழாது. சிக்னல்களுக்கு 0.3 மி.மீ. போதும். அடிப்பக்கம் முழுவதையும் GND செம்புப் பரப்பாக நிரப்பினேன். அந்தப் பரப்பைக் குறுக்கே வெட்டும் நீளமான டிராக் எதையும் அடியில் விடவில்லை. வெட்டினால் மின்னோட்டம் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும், பரப்பு நிரப்பியதன் பலன் குறைந்துவிடும். சென்சார் முனைக்கு ஒட்டினாற்போல் ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்.

அனுப்பும் முன் ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்செடுத்து, பொருள்களை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். நானோவின் யூஎஸ்பி வாய்க்கு நேர் எதிரே திருகு முனை நின்றது, கேபிளைச் செருக இடமில்லை. திரையில் பார்த்தவரை இது கண்ணில் படவே இல்லை. நானோவைத் திருப்பி வைத்து மறுபடி டிராக் போட்டேன்.

புதிய போர்டில் அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, பம்பு ஓடும்போது, 2 மில்லிவோல்ட்தான் காட்டுகிறது. எண் 522, பம்பு ஓடத் தொடங்கினாலும் 521 அல்லது 522. தண்ணீர் மண்ணில் இறங்க இறங்கத்தான் மெதுவாகக் குறைகிறது. மாமா இப்போது பெரிய பாலிபேக்குகள் இருக்கும் பக்கத்துக்கும் ஒன்று கேட்கிறார். அங்கே 5 ஆம்பியர் பம்பு. அதற்கு அந்தத் திரும்பு வழியைப் போர்டுக்குள் நீளமாக ஓடவிடப் போவதில்லை. மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலை ஒட்டியே பேட்டரியின் மைனஸ் முனையை வைத்து வரைந்துகொண்டிருக்கிறேன்.