வெட்டி எடுத்த படத்துக்குப் பின்னணி வரைவது

வெள்ளைச் சுவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் போட்டோவை வெட்டி எடுத்து, ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலியில் பின்னால் அந்தி வேளைத் தோட்டம் வரைந்து கொண்டிருக்கிறேன். கரும்பச்சை பூசியதுமே கூந்தலைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அது பழைய சுவரின் மிச்சம். வெள்ளைப் பின்னணியில் கண்ணுக்கே தெரியாது. அதனால் வெட்டியதும் அடியில் ஒரு அடர்நிற லேயரைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

அழிப்பானால் அந்தக் கோட்டைச் சுரண்டினால் கூந்தலும் சேர்ந்து போய், தலை அட்டையில் வெட்டி ஒட்டியது போல் ஆகிவிடும். நான் செய்வது வேறு. பாட்டி லேயருக்கு மேல் புது லேயர் ஒன்றை, பாட்டியின் உருவத்துக்குள் மட்டும் நிறம் விழும்படி Clipping Mask ஆக்கி, அடியிலுள்ள நிறத்தோடு கலந்து அடர்த்தியாக்கும் Multiply-க்கு மாற்றுகிறேன். பக்கத்திலிருக்கும் பின்னணி மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த நிறம் வந்துவிடும். அதை மிருதுவான பிரஷால் ஓரத்தில் மட்டும் தடவ வேண்டும். Multiply-இல் வெள்ளை, பூசிய நிறமாகவே மாறும்; கருமுடி கருமையாகவே இருக்கும்.

நரைமுடிக்கு இது சரிவராது, அதுவும் பச்சையாகிவிடும். அங்கே எல்லாவற்றுக்கும் மேலே தனி லேயரில், நரையின் நிறத்தையே எடுத்து, பென்சிலை லேசாக அழுத்தி நாலைந்து இழைகளைத் தோட்டத்தின் மேல் இழுத்துவிடுகிறேன். வெட்டுக்கோடு உடைவது அங்கேதான்.

பாட்டியின் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம் விழுகிறது. ஆகவே சூரியனையும் இடப்பக்கமே வைத்தேன்.