பெரியப்பாவின் ஆப்பிள் கணக்கு பூட்டிக்கொண்டது, திரும்பக் கிடைத்தது

மேலூரில் இருக்கும் பெரியப்பாவின் ஐபோன் பம்புசெட் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. புது ஐபோன் வாங்கி, பழைய சிம்மை அதில் போட்டாயிற்று. ஆனால் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு அவருக்கு நினைவில்லை. பேரன் பிறந்த வருஷம், பழைய வண்டி நம்பர் என்று வீட்டில் ஆளாளுக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்ததில், பாதுகாப்புக்காகக் கணக்கைப் பூட்டியிருப்பதாகத் திரையில் வந்துவிட்டது. அதன்பிறகுதான் போன் மதுரைக்கு என்னிடம் வந்தது.

அந்தக் கணக்கில் ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் வேறொரு ஐபேடோ மேக்கோ வீட்டில் இருந்திருந்தால், இந்தக் கதையே இல்லை. அதன் செட்டிங்ஸில் பெயரைத் தொட்டு, Sign-In & Security போய், அந்தக் கருவியின் பாஸ்கோடைக் கொடுத்தே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். பெரியப்பாவிடம் இருந்ததோ ஒரே கருவி, அதுவும் தொட்டியோடு போனது. கையில் மிஞ்சியது சிம்மும் ஜிமெயிலும்தான்.

iforgot.apple.com-ல் கணக்கின் மின்னஞ்சலையும் போன் நம்பரையும் கொடுத்து, பழைய கருவி கையில் இல்லை என்ற வழியில் போனேன். கடைசியில் account recovery என்ற மீட்புக் கோரிக்கையில் கொண்டுபோய் விட்டது. நடுவில் மின்னஞ்சலுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்தது, அதையும் போட்டேன். இப்படி உறுதிப்படுத்தினால் சிலருக்குக் காத்திருப்பு குறையும் என்கிறது ஆப்பிள். எல்லோருக்கும் குறையும் என்று இல்லை.

கோரிக்கை கொடுத்த 72 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வர வேண்டும். எங்களுக்கு வந்தது. கணக்கு என்று, எத்தனை மணிக்குத் திரும்பக் கிடைக்கும் என்று அதிலேயே இருந்தது. தேதியைப் பார்த்ததும் பெரியப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. “என் நம்பர்தானேப்பா, என் மெயில்தானே, அப்புறம் என்ன?” என்றார்.

கேள்வி நியாயம்தான். ஆனால் அவருடைய சிம்மை ஒருவன் திருடியிருந்தாலும், அவனும் இதே நம்பரை வைத்துக்கொண்டு இதே கோரிக்கையைத்தானே கொடுப்பான்? நடுவில் சில நாள் விட்டால், உண்மையான சொந்தக்காரர் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு “நான் கேட்கவில்லை” என்று ரத்து செய்ய வழி கிடைக்கும். அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு. ஆப்பிள் உதவி எண்ணுக்குப் போன் செய்தாலும் அவர்களால் இதைக் குறைக்க முடியாது.

இதிலிருந்தே இன்னொரு விதியும் புரியும். காத்திருக்கும்போது அந்தக் கணக்கு எங்காவது பயன்பாட்டில் இருந்தால், கோரிக்கை தானாகவே ரத்தாகிவிடும். கணக்கு இன்னும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்றுதானே அதற்கு அர்த்தம்? ஆகவே அதே கணக்கில் இயங்கும் பழைய கருவி எதுவாவது இருந்தால் அணைத்து வைக்கச் சொல்கிறது ஆப்பிள். குழந்தைகள் படம் பார்க்கும் பழைய ஐபேடு இருக்கிறதா என்று பெங்களூரில் இருக்கும் அக்காவிடம் கேட்டேன். இல்லை என்றாள். இருந்திருந்தால் அணைக்கச் சொல்லியிருக்க மாட்டேன், அதிலேயே பாஸ்வேர்டை மாற்றியிருப்பேன்! பாஸ்வேர்டு திடீரென்று ஞாபகம் வந்து உள்ளே போனாலும் கோரிக்கை ரத்தாகும், அது நல்ல விஷயம்தான்.

புதுப் போனைக் கணக்கு இல்லாமலே அமைத்துக் கொடுத்தேன். அழைப்பு, எஸ்எம்எஸ் எல்லாம் ஓடும். வாட்ஸ்அப்பை ஆப் ஸ்டோரிலிருந்து இறக்க ஆப்பிள் கணக்கு வேண்டும் என்பதால் அதுவும், ஐகிளவுடில் இருக்கும் பழைய அரட்டைகளின் பேக்கப்பும் பிறகுதான் கிடைக்கும். சிம்முக்கு ரீசார்ஜ் தீராமல் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், கடைசித் தகவல் அந்த நம்பருக்குத்தான் வர வேண்டும்.

இதற்கிடையில் ஒரு கடையில், இரண்டாயிரம் கொடுத்தால் அன்றைக்கே திறந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பூட்டு போனில் இல்லை, ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. கடைக்காரர் போனை அழித்துத் தரலாம், கணக்கை எப்படித் திறப்பார்? போதாததற்கு, குறியீடு வந்தால் தன்னிடம் சொல்லச் சொன்னாராம். அதைச் சொன்னால் கணக்கையே கொடுத்த மாதிரி.

பொறுமை இல்லாதபோதெல்லாம் அதே iforgot பக்கத்தில் மின்னஞ்சலைக் கொடுத்தால், எவ்வளவு காலம் மீதி என்று காட்டும். அடிக்கடி பார்ப்பதால் தேதி முன்னால் வராது, பெரியப்பா பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

சொன்ன தேதியில் எஸ்எம்எஸ் வந்தது. அதில் சொன்னபடி போய்ப் புதுப் பாஸ்வேர்டு வைத்தோம். போனில் உள்நுழைந்ததும் படங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வாட்ஸ்அப்பை இறக்கிப் போட்டதும் பேக்கப்பும் வந்தது.

அன்றைக்கே Sign-In & Security-யில் Recovery Contacts என்ற இடத்தில் அக்காவைச் சேர்த்தேன். அடுத்த முறை மாட்டிக்கொண்டால் அவள் போனில் ஒரு குறியீடு எடுத்துச் சொல்லலாம், அவளால் இவருடைய படங்களைப் பார்க்க முடியாது. பக்கத்திலேயே recovery key என்றும் ஒன்று உண்டு, தாளில் எழுதிப் பத்திரப்படுத்த வேண்டிய 28 எழுத்துக் குறியீடு அது. அதை இயக்கினால் இந்த நாள்கணக்கான மீட்பு வழி நின்றுவிடும். அந்தத் தாளையும் தொலைத்து, கருவியும் இல்லாமல் போனால் கணக்கு போனதுதான். வண்டி ஆர்சியையே மாதக்கணக்கில் தேடுகிறவருக்கு அது வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.