மண்டப ஒப்பந்தத்தில் நான் படிக்காமல் விட்ட வரி

தங்கையின் கல்யாணத்துக்காக ஒரே மண்டபத்தை இரண்டு முறை பதிவு செய்தோம். முதல் முறை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டு, கொடுத்த முன்பணம் முழுவதையும் இழந்தோம். இரண்டாவது முறை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. அந்தப் பணத்தை நினைத்தால் மட்டும் இன்னும் வயிறு எரிகிறது.

கணக்கு எளிதாகப் புரிய, மண்டபத்தின் மொத்த வாடகையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் 50. சேதாரத்துக்கான டெபாசிட் 20, அதைச் சாவி வாங்கும் நாளில் கட்ட வேண்டும். மண்டபம் பார்த்தது, தேதி கேட்டது எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. ரசீதின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் விதிமுறைகள் இருந்தன. அண்ணன் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலேயே நின்ற நானும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்குச் சுமார் மூன்று மாதம் இருக்கும்போது அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஆனது. தேதியை இரண்டு மாதம் தள்ளி வைக்க வேண்டிய நிலை. சரியாக 92 நாள் இருக்கும்போது அண்ணன் மேனேஜருக்குப் போன் செய்தார். "தேதி மாத்தறதுதானே சார், பிரச்சினை இல்ல. வரும்போது ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடுங்க" என்றார் அவர். ஆஸ்பத்திரி அலைச்சலில் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நான்கு நாள் ஆகிவிட்டது. கொடுத்தபோது 88 நாள் இருந்தது.

அந்த நான்கு நாளில்தான் பணம் போனது. ரத்துக் கட்டணம் மூன்று படியாக இருந்தது. 90 நாளுக்கு மேல் இருந்தால் வாடகையில் 25 சதவீதம், 90 முதல் 30 நாள் வரை 50 சதவீதம், 30 நாளுக்குள் முழு வாடகை. நாள் கணக்கு எதிலிருந்து என்றால், 'எழுத்துமூலமான அறிவிப்பு அலுவலகத்துக்குக் கிடைத்த நாளிலிருந்து'. போனில் சொன்னது கணக்கில் வராது. 92 நாள் இருந்தபோதே கடிதம் கொடுத்திருந்தால் 25 கழித்து மீதி 25 திரும்பி வந்திருக்கும். 88-வது நாளில் கொடுத்ததால் 50 போனது. நாங்கள் கட்டியிருந்ததே 50-தான்.

சதவீதம் எதன் மேல் என்பதையும் அன்றைக்குத்தான் கவனித்தேன். கட்டிய முன்பணத்தில் 50 சதவீதம் என்றால் 25 போயிருக்கும், மீதி 25 கைக்கு வந்திருக்கும். ஆனால் அங்கே 'மொத்த வாடகையில்' என்று இருந்தது. அந்த ஒரு சொல்லால் இழப்பு இரண்டு மடங்கு. கடைசி 30 நாளுக்குள் ரத்து செய்திருந்தால் கொடுத்த 50 போனதோடு, நடக்காத கல்யாணத்துக்கு இன்னொரு 50 கட்டவும் வேண்டியிருந்திருக்கும். 'முன்பணம்தானே, போனால் அதுதான் போகும்' என்று நம்பிக்கொண்டிருக்கும் யாரும் இந்த வரியை ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

"நாங்க ரத்து பண்ணலையே, தேதியத்தானே மாத்தறோம்" என்று எவ்வளவோ பேசினேன். மேனேஜர் ஒப்பந்தத்தைக் காட்டினார். அதில் தேதி மாற்றம் என்ற சொல்லே இல்லை. சொல் இல்லையென்றால் தள்ளி வைப்பதும் ரத்துதான், புதுத் தேதி புதுப் பதிவுதான். போனில் 'பிரச்சினை இல்ல' என்றவரும் அவரேதான். ஆனால் அதற்கு என்னிடம் ஒரு வரி மெசேஜ்கூடக் கிடையாது. பிறகு அதே தேதியில் அந்த மண்டபத்தை வேறொரு குடும்பம் எடுத்தது. மண்டபத்துக்காரர்களுக்கு ஒரு நாள் வாடகைகூட நஷ்டமில்லை. எங்கள் 50 மட்டும் திரும்பவில்லை. மண்டபம் மறுபடி வாடகைக்குப் போனால் என்ன செய்வது என்பது பற்றியும் ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வேறு மண்டபம் தேடினோம், எங்கள் தேதிக்கு எதுவும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே திரும்பிப் போனோம். இந்த முறை ஒப்பந்தத்தின் நகலை முதலில் வீட்டுக்கு வாங்கி வந்தேன். இரண்டு இரவு படித்தேன். முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசப் போனேன். கொடுத்த பிறகு எதை மாற்றச் சொன்னாலும் "எல்லாருக்கும் இதே ரூல்தான் சார்" என்றுதான் சொல்வார்கள். கொடுக்கும் முன் பேசினால் பேனாவை எடுக்கிறார்கள்.

ரத்துப் பகுதியில் மூன்று வரி சேர்க்க வைத்தேன். ஆறு மாதத்துக்குள் ஒரு முறை தேதி மாற்றலாம், அதற்குக் கட்டணம் வாடகையில் 10 சதவீதம். மின்னஞ்சலில் அனுப்பினாலும் எழுத்துமூல அறிவிப்புதான், அனுப்பிய நாளே கணக்கு. அதே தேதி வேறு யாருக்காவது போனால் 10 சதவீதம் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். கடைசி வரிக்கு மட்டும் மேனேஜர் ரொம்ப நேரம் தயங்கினார். முதல் முறை நடந்ததை நான் நினைவுபடுத்திய பிறகுதான் எழுதினார். திருத்தங்களைப் பக்கத்து ஓரத்தில் கையால் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். அவர் கையில் இருந்த பிரதியிலும் அதையே செய்தோம். அது முக்கியம்.

அப்புறம் கூடுதல் நேரம். மாலை 3 மணி முதல் மறுநாள் 3 மணி வரை 24 மணி நேரம் என்று இருந்தது. நான் விழா முடியும் நேரம்தான் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒப்பந்தத்தில் 'காலி செய்தல்' என்பதற்கு விளக்கமே கொடுத்திருந்தார்கள். எல்லாப் பொருளும் வெளியே போய், அலங்காரம் பிரித்து முடித்து, சாவி ஒப்படைத்த நேரம். விருந்தாளிகள் 12 மணிக்கே கிளம்பிவிட்டாலும் அலங்காரக்காரர் பிரித்து முடிக்கும்வரை நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்பின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 6. வாடகையை 24-ஆல் வகுத்தால் ஒரு மணிக்கு நான்கு சொச்சம்தான் வரும், அதாவது கூடுதல் நேரம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விலை. அதிலும் பத்து நிமிடம் தாண்டினாலும் முழு மணி நேரக் கட்டணம்.

முதல் அரை மணிக்குக் கட்டணம் இல்லை, அதன்பின் அரை மணி அரை மணியாகக் கணக்கு என்று மாற்றக் கேட்டேன். சரி என்றார். ஆனால் அவர் எழுதிய வரியில், அரை மணியைத் தாண்டினால் 3 மணியிலிருந்தே கணக்கு ஆரம்பிப்பதாக வந்தது. அப்படியென்றால் சலுகை தாண்டிய அந்த நிமிடமே மறைந்துவிடும். '3:30 முதல்' என்று தெளிவாகத் திருத்தச் சொன்னேன். கல்யாணத்தன்று எல்லாவற்றையும் பிரித்து முடிக்க 4:10 ஆனது. பழைய விதியில் 70 நிமிடம் இரண்டு மணி நேரமாகி 12 போயிருக்கும். புது வரியின்படி 40 நிமிடம், இரண்டு அரை மணி, 6. ஒரு வரித் திருத்தத்தில் பாதி மிச்சம். அலங்காரக்காரரிடம் 3 மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்று முன்பே எழுதி வாங்கியிருந்தால் இந்த 6-ம் போயிருக்காது. எனக்கு அது தோன்றவில்லை.

டெபாசிட் விஷயத்துக்கு வருகிறேன். சேதாரத்துக்கு என்று வாங்கும் பணம்தானே, எதையும் உடைக்காவிட்டால் முழுதும் வந்துவிடும் என்று நினைத்தேன். கூடுதல் நேரம், மின்சாரம், துப்புரவு எல்லாவற்றையும் அதிலிருந்தே கழிக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. திருப்பித் தர நாள் கணக்கு எதுவும் இல்லை. நான் ஏழு நாள் என்று எழுத வைத்தேன். சேதாரம் என்றால் படமும் பழுது பார்த்த ரசீதும் தர வேண்டும், பழுது பார்க்க முடிகிற பொருளுக்குப் புதுப் பொருளின் விலை போடக் கூடாது என்றும் சேர்த்தேன்.

சாவி வாங்கியதும் அலங்காரக்காரரை வெளியிலேயே நிற்க வைத்துவிட்டு, காவலாளியோடு மண்டபம் முழுக்கச் சுற்றி வந்தேன். மணமகள் அறைக் கண்ணாடியில் ஓரத்தில் ஒரு விரிசல். பின் வரிசையில் கால் ஆடும் நாற்காலிகள் 12. மேடைச் சுவரில் பழைய டேப் பெயர்த்த தழும்பு. எல்லாவற்றையும் படமெடுத்து அங்கேயே நின்று மேனேஜரின் எண்ணுக்கு அனுப்பினேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் கணக்குப் பார்க்கும்போது அவர் முதலில் எடுத்ததே கண்ணாடி விரிசல்தான், அடுத்தது 12 நாற்காலி. முந்தைய நாள் மாலை 3:12-க்கு அவருக்குப் போன படங்களை அவர் போனிலேயே திறந்து காட்டச் சொன்னேன். இரண்டையும் அடித்துவிட்டார். அந்த நிமிடம் எனக்கு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது.

ஆனால் மின்சாரத்தில் தோற்றேன். மீட்டர் எண் எடுக்க மறந்துவிட்டேன். நுழையும்போது இருந்த எண் என்று அவர் எழுதி வைத்திருந்ததுதான் ஒரே கணக்கு. ஜெனரேட்டர் மூன்று மணி நேரம் ஓடியதாகவும் இருந்தது. எனக்குத் தெரிந்து கரண்ட் போனது ஒரே முறைதான், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். மறுக்கக் கையில் ஒன்றும் இல்லை. 4 பிடித்தார்கள். உள்ளே போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று என்று மீட்டரையும் ஜெனரேட்டரின் மணி காட்டியையும் படமெடுத்திருந்தால் அங்கேயே பேசியிருப்பேன்.

ஏழாம் நாள் போனபோது 20-ல் 6-ம் 4-ம் கழித்து 10 தயாராக இருந்தது. பணத்தோடு ஒரு தாளும் நீட்டினார்கள். 'டெபாசிட் முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அச்சடித்திருந்தது. 'முழுவதும்' என்பதை அடித்தேன். பெற்ற தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, 'ஜெனரேட்டர் நேரக் கணக்கை நான் ஏற்கவில்லை' என்று கீழே சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் முகம் சுருங்கியது. ஆனாலும் பணத்தைக் கொடுத்தார். ஜெனரேட்டர் பதிவேட்டின் நகல் கேட்டு அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன்.