மீன்பிடித் தடைக்காலத்தில் தொடங்கிய வெடிச்சத்தப் பயிற்சி

எங்கள் நாய் செவலை, மண்டை இனக் கலப்பு. படகு எஞ்சின், ஐஸ் லாரி எதுவும் அதற்குப் பொருட்டில்லை. ஆனால் எங்காவது ஒற்றை வெடி வெடித்தால் போதும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடும். போன தீபாவளிக்கு ஓடியதை மறுநாள்தான் மண்டபம் ஊருக்கு வெளியே உடைமரங்களுக்குள் பிடித்தோம். சரி, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் முதலில் காதையும் மூட்டுகளையும் பார்த்தார். உடம்பில் எங்காவது வலி இருந்தால் சத்தப் பயம் கூடுமாம். அப்படி ஒன்றும் இல்லை என்றானதும் வழியைச் சொன்னார். பதிவு செய்த வெடிச்சத்தத்தை மிக மெல்லமாகப் போட வேண்டும், சத்தம் கேட்டவுடன் அதற்குப் பிடித்ததைக் கொடுக்க வேண்டும். “தீனியை வாங்க மாட்டேன்னு முகத்தைத் திருப்பினா சத்தம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்மா. உடனே குறைச்சிருங்க,” என்றார். வேறு எந்த அளவுகோலும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். தம்பி வீட்டில் இருப்பான், தீபாவளியும் தூரத்தில் இருக்கும். பயிற்சி நடக்கும் காலத்தில் நிஜ வெடி குறுக்கே வரக்கூடாது என்பதால் அப்போதே தொடங்கினோம். பக்கத்தில் திருவிழா என்றால் அன்று பயிற்சி கிடையாது.

தீனிக்கு உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த சூடை மீன். அதை வேறு எதற்கும் கொடுப்பதில்லை, வெடிச்சத்தத்துக்கு மட்டும்தான். வரிசை முக்கியம்: முதலில் சத்தம், ஒரு நொடி கழித்து மீன். மாற்றி, மீனைக் காட்டிவிட்டுச் சத்தம் போட்டால், மீனைப் பார்த்ததுமே ‘ஏதோ வரப்போகிறது’ என்று நாய் பயந்துவிடும்.

ஆரம்பத்தில் போனில் ஒலியளவு ஒரே கோடு. எனக்கே சரியாகக் கேட்காது, செவலைக்குக் காது மட்டும் அசையும். அந்த அசைவு போதும். உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, வாலை இடுக்குவது எல்லாம் மீனை மறுப்பதற்கு முந்தைய எச்சரிக்கை. அதைக் கண்டதும் ஒலியைக் குறைத்துவிட்டு அன்றைக்கு முடித்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனதில்லை. சத்தம் கேட்டதும் பயப்படாமல், மீன் எங்கே என்று அதுவே என் கையைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்த கோட்டுக்கு ஏற்றினோம்.

போன் ஸ்பீக்கரில் கனமான சத்தம் வராது. வெடி ‘டப்’ என்று கேட்கும், இடியின் உறுமல் கேட்கவே கேட்காது. மைக்செட் வைத்திருக்கும் மாமாவிடம் பெரிய ஸ்பீக்கரை வாங்கி, மறுபடி அடிமட்ட ஒலியிலிருந்து தொடங்கினோம். ஸ்பீக்கர் மாறினால் நாய்க்கு அது புதுச் சத்தம்தான்.

ஆடியில் நிஜ வெடிக்கு வந்தோம். கச்சான் காற்று அடிக்கும்போது தம்பி கிழக்கே வெகுதூரம் போய் ஒற்றை ஓலைவெடி போடுவான், நானும் செவலையும் மேற்கே இருப்போம். காற்று சத்தத்தை எங்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். வாடைக்காற்று தொடங்குவதற்குள் அவன் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்திருந்தான்.

இடி வேறு கதை. வானம் இருண்டு காற்று நின்றவுடனே, முதல் இடிக்கு முன்பே செவலைக்கு மூச்சு வாங்கும். அந்த இருட்டையும் மின்னலையும் எந்த ஸ்பீக்கரிலும் போட முடியாது. தகரக் கூரையில் விழும் மழைச்சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து பழக்கியதில் கொஞ்சம் பலன் இருந்தது, அவ்வளவுதான். மற்றபடி உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, கட்டிலுக்கு அடியில் போக விட்டுவிடுகிறோம். தடவிக் கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா திட்டுவார். அப்படியெல்லாம் ஆகாது, அது வந்து ஒட்டிக்கொண்டால் நான் தடவுவேன்.

தீபாவளிக்கு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்பது அரசு சொன்னது. ஊர் முதல் நாள் இரவே தொடங்கிவிட்டது. பயத்தைக் குறைக்க டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்து, எப்படி இருக்கிறது என்று பார்த்து வைத்திருந்தோம். வெறும் மயக்க மருந்து வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். உடம்பு அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்குமாம்.

ஒற்றை வெடிகளுக்கு மீனை வாங்கித் தின்றது. தெருவில் சரவெடி தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டிலடிக்குப் போய்விட்டது. ஆனால் சத்தம் ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் தானே வெளியே வந்து தண்ணீர் குடித்தது. முந்தின வருடம் அப்போது உடைமரத்துக்குள் இருந்தது. சரவெடிக்குத் தனிப் பதிவு வேண்டும் என்று புரிந்ததால், இப்போது அதை ஒற்றைக் கோட்டிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.