கரப்பந்தாட்டப் புள்ளிப் பலகைக்கு டிகோடர் கட்டியதும், டோண்ட் கேர் கட்டங்கள் 9 காட்டியதும்

கிளிநொச்சியில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்குக் கரப்பந்தாட்டப் புள்ளிப் பலகை ஒன்று செய்துகொடுத்தேன். எல்இடி பட்டியை வெட்டி ஒட்டிய பெரிய ஏழு துண்டு இலக்கங்கள், 12 வோல்ட் பற்றரி, துண்டுகளை ஏற்றி அணைக்க ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு ULN2003. எந்த எண்ணுக்கு எந்தத் துண்டுகள் எரிய வேண்டும் என்று மாற்றித் தரும் டிகோடரை 7447 சிப் என்று ஆயத்தமாகவே வாங்கலாமே என்று பலர் கேட்டார்கள். வாங்கலாம்தான், ஆனால் 7447 காட்டும் 6-க்கு மேல் கோடு இல்லை, 9-க்குக் கீழ்க் கோடு இல்லை, மைதானத்தின் மறுகரையில் நிற்பவருக்கு அந்த 6 ஆங்கில b மாதிரித்தான் தெரியும். அதோடு சாதாரண அண்ட், ஓஆர், நொட் படலைகள் கையில் நிறையக் கிடந்தன. அதனால் நானே வடிவமைத்தேன்.

உள்ளீடு நான்கு கோடுகள்: A என்றால் 8, B என்றால் 4, C என்றால் 2, D என்றால் 1. நான்கு கோடுகளில் 16 சேர்க்கைகள் வரும், எங்களுக்குத் தேவை 0 முதல் 9 வரை பத்துத்தான். மீதி ஆறு, அதாவது 10 முதல் 15 வரை, வரவே வராது என்று வைத்துக்கொண்டு, சமன்பாட்டைச் சுருக்க உதவும் கட்டமான கார்னோ வரைபடத்தில் X போடுகிறோம், இதுதான் டோண்ட் கேர். அந்த X-ஐ 1 என்றும் எடுக்கலாம், 0 என்றும் எடுக்கலாம், நமக்கு எது வசதியோ அது.

ஏழு துண்டுகளையும் இங்கே விரித்தால் வாசிக்கிறவர்களுக்குச் சலித்துவிடும், அதனால் இடது கீழ்த் துண்டான e-ஐ மட்டும் எடுக்கிறேன். டோண்ட் கேர் எவ்வளவு வேலையைக் குறைக்கிறது என்பது அதில்தான் நன்றாகத் தெரியும். e எரிய வேண்டியது 0, 2, 6, 8 ஆகிய நான்குக்கு மட்டும்.

```
         CD
         00  01  11  10
AB  00    1   0   0   1
    01    0   0   0   1
    11    X   X   X   X
    10    1   0   X   X
```

X எல்லாவற்றையும் 0 என்று எடுத்தால் 2-ஐயும் 6-ஐயும் ஒரு சோடியாக, 0-ஐயும் 8-ஐயும் இன்னொரு சோடியாகக் கட்டலாம், அவ்வளவுதான். A' என்றால் A-இன் எதிர், + என்றால் ஓஆர், சேர்த்து எழுதினால் அண்ட் என்று வைத்தால், A'CD' + B'C'D' என்று மூன்று உள்ளீட்டு அண்ட் படலை இரண்டும் ஒரு ஓஆரும் வேண்டும். இப்போது வலது கீழ் மூலையில் இருக்கும் 10-ஐ 1 என்று எடுத்துப் பாருங்கள். நான்கு மூலைகளும் (0, 2, 8, 10) ஒரே குழுவாகிவிடும், அது B'D'. வலது நிரலில் 14-ஐயும் சேர்த்தால் அந்த நிரல் முழுவதும் இன்னொரு குழு, அது CD'. இரண்டிலும் D' பொது, வெளியே எடுத்தால் e = D'(B' + C). ஒரு ஓஆர், ஒரு அண்ட், இரண்டும் இரண்டு உள்ளீட்டுப் படலைகள். A என்ற கோடே e-க்குத் தேவையில்லை!

மற்றத் துண்டுகளில் a மேல் கோடு, b வலது மேல், c வலது கீழ், d கீழ்க் கோடு, f இடது மேல், g நடுக்கோடு. இந்த ஆறையும் இதே முறையில் குறுக்கினால் (6-க்கும் 9-க்கும் முழு வடிவம் வைத்து) இப்படி வரும்:

```
a = A + C + BD + B'D'
b = B' + C'D' + CD
c = B + C' + D
d = A + B'D' + B'C + CD' + BC'D
e = B'D' + CD'
f = A + C'D' + BC' + BD'
g = A + BC' + B'C + CD'
```

ஏழிலும் தேடிப் பாருங்கள், A' எங்கேயும் இல்லை. நொட் படலை மூன்று போதும். B'D' மூன்று இடங்களில் வருகிறது, CD'-உம் மூன்று இடங்களில் வருகிறது, ஒருமுறை கட்டிவிட்டு எல்லோருக்கும் பகிரலாம்.

மேசையில் கட்டி, 0 முதல் 9 வரை எல்லாம் சரியாக வந்தது. பலகையை மைதானத்தில் ஏற்றி, புள்ளி எழுதுகிற மேசையிலிருந்து நீளமாக வயர் இழுத்தோம். மேசையில் இருப்பது இலக்கத்தை உருட்டி வைக்கும் சில்லு ஆளி. ஒரு கோடு 0 என்றால் அது அந்த வயரைத் தரை வயரோடு தொடுக்கும், 1 என்றால் திறந்து விடும். பலகைப் பக்கத்தில் ஒவ்வொரு வயரும் ஒரு தடையூடாக 5 வோல்ட்டில் இருக்கிறது. அப்படியென்றால் அறுந்த வயர் எப்போதும் 1 என்றுதான் வாசிக்கப்படும்.

ஒரு பயிற்சி ஆட்டத்தில் அதுதான் நடந்தது. வயர் மேல் உழவு இயந்திரம் ஏறியிருக்கிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. புள்ளி 3 என்று வைத்தால் பலகை 9 என்றது, 4 வைத்தாலும் 9. ஆனால் 5 வைத்தால் 5, 6 வைத்தால் 6, சரியாகவே வந்தது. "தம்பி, உன்ர பலகைக்கு 5-உம் 6-உம் மட்டும்தான் தெரியுமோ" என்று நடுவர் அண்ணை கேட்டார்.

கொப்பியை எடுத்து, வரவே வராது என்று விட்ட ஆறு சேர்க்கைகளையும் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தேன். 10-க்கு c மட்டும் அணைந்து மற்ற எல்லாம் எரியும், அது எந்த இலக்கமும் இல்லை, பார்த்தவுடனே பிழை என்று தெரியும். 11, 12, 15 மூன்றும் அப்பழுக்கற்ற 9. 13 ஒரு நல்ல 5. 14 ஒரு நல்ல 6. A வயர் அறுந்தால் 0 முதல் 7 வரை ஒவ்வொரு இலக்கத்தோடும் 8 கூடும்: 3 போய் 11 ஆகும், 4 போய் 12 ஆகும், இரண்டுமே 9 ஆகத் தெரியும். 5 போய் 13 ஆகி மறுபடி 5 ஆகவே தெரியும். நடுவர் அண்ணை கண்டது அப்படியே பொருந்தியது, சோதித்ததில் அறுந்திருந்ததும் A-தான்.

X என்று எழுதும்போது வெளியீட்டை எவரும் தீர்மானிக்கவில்லை என்று நினைப்போம். குழு வட்டம் போடும் அந்த நிமிடத்திலேயே ஒவ்வொரு X-உம் 1 அல்லது 0 என்று முடிவாகிவிடுகிறது. வட்டத்துக்குள் அகப்பட்டால் 1, வெளியே நின்றால் 0. A தனியே நிற்கும் a, d, f, g நான்கும் அந்த ஆறிலும் எரிந்தே தீரும், அதனால்தான் 10-ஐத் தவிர மற்ற எல்லாம் 9, 5, 6 என்று கண்ணுக்குப் பழகிய வடிவங்களாக வருகின்றன.

திருத்த இரண்டு வழி இருந்தது. X எல்லாவற்றையும் 0 ஆக்கி ஏழு சமன்பாடுகளையும் திரும்ப எழுதலாம், ஆனால் குறைந்த படலைகள் எல்லாம் திரும்பி வந்துவிடும். நான் செய்தது வேறு. ஆறு தவறான சேர்க்கைகளுக்கும் பொதுவான அடையாளம் A(B + C): 8 இருக்கும்போது 4-ஓ 2-ஓ கூட இருந்தால் அது பத்து அல்லது அதற்கு மேல். ஒரு ஓஆர், ஒரு அண்ட். அந்தச் சமிக்ஞையை ஒரு ட்ரான்சிஸ்டர் வழியாகச் சிறிய ரிலே ஒன்றுக்குக் கொடுத்து, இலக்கத்துக்குப் போகும் பொது 12 வோல்ட் வயரை அதனூடாக விட்டேன். தவறான சேர்க்கை வந்தால் இலக்கம் முழுவதும் அணைந்துவிடும், டிகோடரில் ஒரு வயரைக்கூட மாற்றத் தேவையில்லை. தரை வயர் அறுந்தால் நான்கும் 1 ஆகி 15 வரும், முன்பு அது 9, இப்போது இருட்டு. சந்தையில் உள்ள 4511 சிப்பும் 10 முதல் 15 வரை இப்படித்தான் அணைக்கிறது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. D வயர் அறுந்தால் 8 போய் 9 ஆகும், 4 போய் 5 ஆகும், எல்லாமே செல்லுபடியான இலக்கங்கள், A(B + C)-க்கு ஒன்றும் தெரியாது. B அறுந்தாலும் 0 முதல் 3 வரை 4 முதல் 7 வரையாக அமைதியாக மாறிவிடும். அதனால் ஆட்டம் தொடங்குமுன் ஆளியை 0-இல் வைத்துப் பாருங்கள் என்று கழகத்துப் பொடியளிடம் சொல்லிவைத்தேன். 0 வந்தால் சரி. 1, 2, 4, 8 இதில் ஏதாவது வந்தால், வந்த எண்ணின் பெறுமதி உள்ள வயர்தான் அறுந்தது. ஒன்றுமே எரியாவிட்டால் முதலில் தரை வயரைப் பாருங்கள்.