காரணம் என்ற கட்டம்

"அன்று லோடு ஏற்றும்போது நீயும்தானே பக்கத்தில் நின்றாய், தம்பி" என்றார் ஆச்சி. "நீங்கள் அதைச் சொல்லவில்லையே ஆச்சி" என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் ஆச்சியின் பட்டறைக்கு ஆர்டர், இருப்பு, பில் மூன்றும் பார்க்கிற மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். விஜயதசமியன்று புதுக் கணக்கைத் தொடங்குவதாகப் பேச்சு. அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஆச்சி போன் செய்தார். ஒரே ஆர்டரை இரண்டு மூன்று லோடாக அனுப்பும்போது லோடுக்கு ஒரு பில் வரவேண்டும், ஒரு பொத்தான் வைத்தால் போதும் என்றார்.

பொத்தான் வைப்பது ஒரு மணி நேர வேலை. ஆனால் நான் ஓர் ஆர்டருக்கு ஒரு பில் என்ற கணக்கில்தான் எல்லாவற்றையும் கட்டியிருந்தேன். `orders` அட்டவணையில் `bill_no` என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. லோடுகளுக்குத் தனி அட்டவணை போட வேண்டும். ஏற்கெனவே ஏற்றிய பழைய ஆர்டர்களை அதற்கு மாற்ற வேண்டும். இருப்பு குறைகிற இடமும் பாக்கி காட்டுகிற அறிக்கையும் மாற வேண்டும். சிக்கலான இடம் முன்பணம். 1,200 கல்லுக்கு 30,000 ரூபாய் முன்பணம் தந்தவருக்கு முதல் லோடில் 500, அடுத்ததில் 450 கல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 30,000 முதல் பில்லிலேயே கழியுமா, கல் கணக்குப்படி பிரிந்து கழியுமா? மீதி 250 கல்லை அவர் வேண்டாம் என்றுவிட்டால் என்ன செய்வது? இதைச் சோதித்துப் பார்க்கவே இரண்டு நாள் வேண்டும்.

முன்பு ஒரு வேலையில் இப்படிக் கேட்டபோது சரி என்று தலையாட்டிவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்து முடித்தேன். மூன்று மாதம் பாக்கிக் கணக்கு தப்பாக வந்தது. அதனால் இந்த முறை மாற்றக் கோரிக்கைப் படிவத்தை எடுத்தேன். என்ன மாற்றம், எதையெல்லாம் தொடுகிறது, 52 மணி நேரம், மணிக்கு 600 வீதம் 31,200 ரூபாய். ஒரு நாளில் ஆறு மணி நேரம்தான் உருப்படியாக வேலை நடக்கும்; ஆகவே ஒன்பது வேலை நாள். ஏற்கெனவே கையில் இருந்த வேலை முடிய இன்னும் ஐந்து நாள் இருந்ததால் விஜயதசமி தாண்டிவிடும். கீழே இரண்டு வழிகள் எழுதினேன். ஒன்று, எல்லாம் முடித்துத் தாமதமாகத் தொடங்குவது. மற்றது, விஜயதசமியன்று இருப்பதை வைத்துத் தொடங்கி, லோடு பில்லைப் பிறகு சேர்ப்பது. அதுவரை இரண்டாம் லோடுக்குக் கைப்பில். எதையும் குறைத்தும் எழுதவில்லை, கூட்டியும் எழுதவில்லை. இதை இன்றும் தைரியமாகச் சொல்வேன். ஆச்சி இரண்டாவது வழியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் படிவத்தில் "காரணம்" என்றொரு கட்டம் உண்டு. அதில் "வாடிக்கையாளரின் புதிய தேவை" என்று எழுதியிருந்தேன். ஆச்சி விரல் வைத்த இடம் அதுதான்.

முதல் முறை போனபோது முழுக் காலையும் பட்டறையில் நின்றேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, நிறக் கலவையைக் கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே சிமென்டும் மணலும் போட்டு, ஒவ்வொரு கல்லாகச் செய்தார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, எடுத்துக் காயவைக்க வேண்டும். 1,200 கல் ஒரே நாளில் எங்கிருந்து வரும்? வாசலில் பாதி லோடோடு டெம்போ கிளம்பியதையும் பார்த்தேன். "மீதி எப்போது போகும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கேட்பது என் வேலைதான். சொல்வது அவர்கள் வேலையும்கூட. எழுதித் தந்த தேவைப் பட்டியலை ஆச்சியின் மகன் படித்துக் கையெழுத்திட்டிருந்தார். ஆனால் அவர்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமே இல்லை. அவர்கள் தொழிலே அப்படித்தான் நடக்கிறது.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் இதே வசதிக்கு 28 மணி நேரம் ஆகியிருக்கும். மீதி 24 மணி நேரம் கட்டியதைப் பிரித்துத் திரும்பக் கட்டியது. 14,400 ரூபாய். படிவத்தில் அந்தப் பிரிவினை இல்லை. வேலை நிஜம், நேரமும் நிஜம். அதைப் பாதிப் பாதியாகவாவது பிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அடுத்த மாற்றத்துக்கும் தள்ளுபடி கேட்பார்களோ என்ற பயமும் அன்று இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போக வேண்டும். மதிப்பீட்டில் 7,200 ரூபாய் கழித்து ஒரு பிரதி, கழிக்காமல் ஒரு பிரதி, இரண்டையும் எடுத்து வைத்திருக்கிறேன்.