பிரதி பணிப்பாளர்

வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாரி. ஒரு சிறிய குளத்தின் துருசில் நீர் கசிவதாகக் கமக்கார அமைப்பு முறையிட்டிருந்தது. காலபோக விதைப்புக்கு முன் பழுதுபார்க்கும்படி பொறியியலாளருக்குக் கடிதம் தயாரித்தேன். திணைக்களத்தின் பணிப்பாளருக்கும் ஒரு பிரதி போகவேண்டும். ஒப்பத்துக்குக் கீழே இடது ஓரத்தில் இப்படித் தட்டச்சு செய்தேன்:

பிரதி பணிப்பாளர் – தகவலுக்காக

தபால் பகுதித் தம்பி உறையில் ‘பிரதிப் பணிப்பாளர்’ என்று அழகாக எழுதி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் நாட்டு அரச தமிழில் ‘பிரதி’ என்பது நகலையும் குறிக்கும், பதவியில் அடுத்தபடியில் இருப்பவரையும் குறிக்கும். பிரதி அதிபர், பிரதி ஆணையாளர் என்று நாள்தோறும் எழுதுகிறோம். பதவியென்றால் ‘ப்’ வரவேண்டும் என்று இலக்கணம் பேசலாம். ஆனால் பாதிக் கடிதங்களில் அந்த ஒற்றை யாரும் போடுவதில்லை. ஆகையால் அது இல்லாததைக் கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. பணிப்பாளருக்குக் கடிதம் போகவே இல்லை என்பது பத்து நாள் கழித்து அவருடைய அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் பிரதம எழுதுனர் அக்கா கோவையைத் திறந்து அந்த வரியை விரலால் தொட்டார். “தங்கச்சி, பிரதி என்ற சொல்லைத் தனி வரியில் விடுங்கள். ஒரே ஒருவருக்குப் போனாலும் பெயர் அடுத்த வரியில்தான்.” அன்று முதல் இப்படித்தான் எழுதுகிறேன்:

பிரதி:
1. பணிப்பாளர் – தகவலுக்காக
2. கிராம அலுவலர் – தேவையான நடவடிக்கைக்காக (இணைப்பின்றி)

கோட்டுக்குப் பின்னால் வரும் சொல்தான் வேலையைப் பிரிக்கிறது. ‘தகவலுக்காக’ என்றால் வாசித்துக் கோவையிடலாம். ‘தேவையான நடவடிக்கைக்காக’ என்றால் அவரும் ஏதோ செய்யவேண்டும். அது என்ன என்பது கடிதத்துக்குள்ளே ஒரு வாக்கியமாக இருக்கவேண்டும். கிராம அலுவலர் செய்யவேண்டியதைக் கடிதத்தில் எங்கும் சொல்லாமல் கீழே மட்டும் ‘நடவடிக்கைக்காக’ என்று போட்டால், அவர் எங்களிடமே திரும்பக் கேட்பார். ஒன்றும் எழுதாமல் ஐந்து பெயரை அடுக்கினால் இன்னும் மோசம்: மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஐவரும் இருந்துவிடுவார்கள்.

மின்னஞ்சல் வந்தபின் வேறொரு சொல் என் காலை வாரியது. அதே துருசு விடயத்தில் கமக்கார அமைப்பின் செயலாளருக்கு எழுதும்போது, ‘பொறியியலாளரை இத்துடன் இணைத்துள்ளேன்’ என்று முடித்தேன். மறுநாள் செயலாளர் ஐயா நேரிலேயே வந்துவிட்டார். “பிள்ளை, இணைப்பைக் காணவில்லையே, என்னுடைய தொலைபேசியில் திறக்காதா?” கடிதத் தமிழில் ‘இத்துடன் இணைத்துள்ளேன்’ என்றால் வரைபடமோ மதிப்பீடோ பின்னால் வருகிறது என்றுதான் ஐம்பது வயது தாண்டியவர் எடுத்துக்கொள்வார். பொறியியலாளரை மடித்து உறைக்குள் வைக்க முடியுமா?

அதை இப்படித் திருத்தினேன்: ‘அளவீட்டு விபரங்கள் பொறியியலாளரிடம் இருப்பதால் இம்மின்னஞ்சலின் பிரதியை அவருக்கும் அனுப்பியுள்ளேன். அவர் குளத்துக்கு வரும் திகதியை உங்களுக்கு நேரடியாக அறியத்தருவார்.’ நீளம் கூடியது உண்மை. ஆனால் ஒரு புதிய ஆள் நடுவில் வரும்போது வாசிப்பவர் மனத்தில் எழுவது ‘இவர் ஏன் வந்தார், இனி நான் யாரிடம் கேட்பது’ என்ற கேள்விதான். அதற்கு அந்த வரியிலேயே பதில் இருக்கிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. ‘என்னையும் பிரதியில் வைத்திருங்கள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தது அது. ‘திருத்த வேலை முடியும்வரை, இது தொடர்பாக அனுப்பும் மின்னஞ்சல்களின் பிரதியை எனக்கும் அனுப்புங்கள்’ என்பது நான் எழுதுவது. ‘முடியும்வரை’ என்பதை வேண்டுமென்றே சேர்க்கிறேன். அது இல்லாமல் கேட்டுவிட்டு, துருசு திருத்தி இரண்டு போகம் கழிந்த பின்னும் அந்தக் குளத்துக் கூட்டங்களின் தேநீர்ச் செலவுக் கணக்கு வரை எனக்கு வந்துகொண்டிருந்தது.

இன்னொரு சிறு விடயம். உள்ளே ‘பிரதி அனுப்பியுள்ளேன்’ என்று எழுதிவிட்டு, மேலே Cc பெட்டியில் பெயரைப் போட மறப்பது எனக்கு இன்றும் நடக்கிறது. ஆகவே அனுப்பும் பொத்தானை அழுத்துமுன், வாக்கியத்தில் உள்ள பதவியையும் பெட்டியில் உள்ள முகவரியையும் விரல் வைத்து ஒப்பிடுகிறேன். காகிதக் கடிதத்தில் இதை அக்கா செய்வார்: ஒவ்வொரு பிரதியிலும் அது யாருக்குரியதோ அந்தப் பெயருக்கு எதிரே சிவப்புப் பேனாவால் ஒரு சரி அடையாளம் போட்டு, அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் உறையில் எழுதவேண்டும் என்று தபால் பகுதித் தம்பியிடம் கொடுப்பார்.